“வேற காரணமா இருக்கலாமே டாக்டர்?” என்ற கேள்விக்கு ஒரு அளவுகோல்

1/
ஓபியில் பீடியை நிறுத்தச் சொன்னால் பாதிப் பேர் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்.

“பீடி குடிக்கிறவங்க கவலையில இருப்பாங்க, சரியா சாப்பிட மாட்டாங்க, புகையிலயும் தூசியிலயும் வேலை பார்ப்பாங்க. அதுல எதனால வேணா கேன்சர் வந்திருக்கலாமே சார்?”

இதைக் கேட்டு சிரிக்கக் கூடாது. 20ஆம் நூற்றாண்டின் மிகப்பெரிய புள்ளியியல் மேதை கேட்டதும் கிட்டத்தட்ட இதே கேள்விதான்.

இந்த இழை அதற்கான பதில் பற்றியது. கொஞ்சம் கணக்கு வரும். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும், கூடவே வாங்க.

2/
முதலில் பிரச்சனை என்னவென்று பார்ப்போம்.

சட்டைப்பையில் தீப்பெட்டி வைத்திருப்பவர்களுக்கு நுரையீரல் புற்று அதிகமாக வரும். கணக்கெடுத்தால் உண்மையிலேயே அப்படித்தான் வரும். அதற்காகத் தீப்பெட்டியா புற்றைத் தந்தது? இல்லை. பின்னால் பீடி என்று மூணாவது ஆள் ஒருத்தன் இருக்கிறான். தீப்பெட்டியைப் பைக்குள் வைக்கச் செய்தவனும் அவன்தான், நோயைத் தந்தவனும் அவன்தான்.

இந்த மூணாவது ஆளுக்கு எங்கள் மொழியில் கன்ஃபவுண்டர் என்று பெயர்.

3/
ஆராய்ச்சியாளர்கள் இவனைப் பிடிக்கப் பயன்படுத்தும் வலைதான் ரிக்ரெஷன்.

சுருக்கமாகச் சொன்னால், ஒத்தவர்களை ஒத்தவர்களோடு ஒப்பிடுவது. ஒரே வயது, ஒரே வருமானம், ஒரே படிப்பு உள்ளவர்களில் ஒருவர் பீடி குடிக்கிறார், இன்னொருவர் குடிப்பதில்லை. இருவருக்கும் நோய் வரும் வாய்ப்பு எவ்வளவு வேறுபடுகிறது என்று கணக்குப் போட்டுச் சொல்லும்.

ஆனால் ஒரு சிக்கல். கேள்வித்தாளில் எந்தக் கட்டத்தை நிரப்பினோமோ அதை மட்டும்தான் ரிக்ரெஷனுக்குத் தெரியும். கேட்காமல் விட்டது எதுவும் அதன் கண்ணில் படாது.

அப்படியானால், வலையில் சிக்காத மூணாவது ஆள் ஒருத்தன் இருந்தால்?

4/
1950களில் இதைத்தான் ரொனால்ட் ஃபிஷர் கேட்டார். இன்று நாங்கள் மருத்துவ ஆராய்ச்சியில் பயன்படுத்தும் புள்ளியியலில் பெரும்பகுதிக்கு அடித்தளம் போட்டவர்.

1950இல் இங்கிலாந்தில் டால், ஹில் என்ற இருவர் சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பை வெளியிட்டார்கள். ஃபிஷர் ஏற்கவில்லை. “புகைக்கும் ஆசையையும் தருகிற, புற்றையும் தருகிற ஒரு மரபணு இருக்கலாமே” என்றார். ஒத்த இரட்டையர்களில் ஒருவர் புகைத்தால் மற்றவரும் புகைப்பது அதிகமாக இருக்கிறது என்று ஆதாரமும் காட்டினார்.

அவர் பைப் புகைப்பவர். சிகரெட் கம்பெனிகளுக்கு ஆலோசகராகவும் இருந்தார். இருக்கட்டும். ஆளைப் பார்த்துக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. கேள்வி சரியான கேள்விதான்.

5/
இதற்கு 1959இல் ஜெரோம் கார்ன்ஃபீல்டும் இன்னும் ஐந்து பேரும் சேர்ந்து எழுதிய கட்டுரையில் பதில் வந்தது. கார்ன்ஃபீல்ட் வாங்கிய பட்டம் வரலாற்றில் என்பது ஒரு சுவாரசியம்.

“அப்படி ஒரு மரபணு கிடையாது” என்று அவர் வாதாடவே இல்லை. இல்லாத ஒன்றை இல்லை என்று எப்படி நிரூபிப்பது?

அவர் கேள்வியையே மாற்றினார்.

“சரி, இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். இந்தத் தொடர்பு முழுவதையும் அதுவே உண்டாக்கியிருக்க வேண்டும் என்றால், அது எவ்வளவு பலமானதாக இருக்க வேண்டும்?”

இந்த இழையின் சாரம் அந்த ஒரு கேள்விதான்.

6/
கணக்கைப் பாருங்க.

சிகரெட் புகைப்பவர்களுக்கு நுரையீரல் புற்று 9 மடங்கு அதிகம். சிகரெட் அப்பாவி, எல்லாமே மரபணுவின் வேலை என்று வைப்போம். மரபணு இல்லாதவருக்குப் புற்று வரவே வராது என்றும் ஃபிஷருக்குச் சாதகமாகவே விட்டுக்கொடுப்போம்.

அப்போதுகூட, புகைப்பவர்களிடம் அந்த மரபணு 9 மடங்கு அதிகமாக இருந்தே ஆக வேண்டும். புற்று 9 மடங்கு வர வேறு வழியே இல்லை.

புகைக்காத 100 பேரில் 10 பேரிடம் அது இருந்தால், புகைக்கும் 100 பேரில் 90 பேரிடம் இருக்க வேண்டும். புகைக்காதவர்களில் 12 பேரிடம் இருந்தால்? 108 வேண்டும். நூறு பேரில் நூற்றெட்டு பேர்! கணக்கே இடிக்கிறது.

7/
இதன் பின்கதை எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஃபிஷர் 1962இல் இறந்துவிட்டார். 2008இல் அவர் சொன்ன மாதிரியே ஒரு மரபணுப் பகுதி கண்டுபிடிக்கப்பட்டது! 15ஆவது குரோமோசோமில், நிக்கோட்டின் போய் ஒட்டும் புரதங்களை உருவாக்கும் இடம். அங்கே ஒரு மாற்றம் இருந்தால் புகைப்பழக்கமும் கூடுகிறது, நுரையீரல் புற்றும் கூடுகிறது.

அப்ப ஃபிஷர் ஜெயிச்சிட்டாரா?

இல்லை. அந்த மாற்றத்தின் ஒரு பிரதி புற்றுக்கான வாய்ப்பைக் கூட்டுவது ஏறக்குறைய 1.3 மடங்கு. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியும் வந்தால்கூட இரண்டு மடங்கைத் தொடவில்லை. வேண்டியது 9.

மூணாவது ஆள் உண்மையிலேயே இருந்தான். ஆனால் அவ்வளவு சுமையைத் தூக்கும் பலம் அவனுக்கு இல்லை.

8/
“வேற காரணம் இருக்குமா?” என்று கேட்டால் எப்போதுமே “இருக்கலாம்” என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

“அந்த வேற காரணம் எவ்வளவு பலமா இருக்கணும்?” என்று கேட்டால் ஒரு எண் கிடைக்கும். அந்த எண்ணை வைத்து வாதாடலாம்.

இப்படிக் கேட்பதற்குத்தான் சென்சிடிவிட்டி அனாலிசிஸ் என்று பெயர்.

9/
கார்ன்ஃபீல்டின் கணக்கை 2016-17இல் டிங், வேண்டர்வீல் என்ற இருவர் பொதுவாக்கினார்கள். அவர்கள் சொன்னது இது.

மூணாவது ஆளுக்கு இரண்டு பலம் வேண்டும்.
முதல் எண்: நாம் சந்தேகப்படும் பழக்கம் உள்ளவர்களிடம் அவன் எத்தனை மடங்கு அதிகமாக இருக்கிறான்.
இரண்டாம் எண்: அவன் இருந்தால் நோய் எத்தனை மடங்கு கூடுகிறது.

இந்த இரண்டையும் வைத்து அவனால் உண்டாக்க முடிகிற அதிகபட்சப் பொய்த்தொடர்பு:

```
(முதல் × இரண்டாம்) ÷ (முதல் + இரண்டாம் − 1)
```

இரண்டும் 2 என்றால், 4 ÷ 3 = 1.33 மடங்கு. அவ்வளவுதான் முடியும்.

இதில் கவனிக்க வேண்டியது, இரண்டு பலமும் சேர்ந்தே வேண்டும். ஒன்று மலை மாதிரி இருந்து மற்றது சின்னதாக இருந்தால், சின்ன எண்ணை அவனால் தாண்டவே முடியாது.

10/
இதையே திருப்பிப் போட்டு, “இரண்டு எண்ணும் சமமாக இருந்தால் குறைந்தது எவ்வளவு வேண்டும்?” என்று கேட்டால் வருவதுதான் ஈ-வேல்யூ.

```
ஈ-வேல்யூ = மடங்கு + √( மடங்கு × (மடங்கு − 1) )
```

கால்குலேட்டர் போதும். ஒரு உண்மையான ஆய்வில் போட்டுப் பார்ப்போம்.

11/
1980களில் தென் பிரேசிலில் விக்டோராவும் குழுவினரும் செய்த ஆய்வு. நிமோனியா போன்ற சுவாசத் தொற்றில் இறந்த கைக்குழந்தைகளையும் உயிரோடு இருந்த குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். யார் என்ன பால் குடித்தார்கள்?

தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகளைவிட, டப்பா பால் மட்டும் குடித்தவர்களுக்குச் சுவாசத் தொற்றால் இறக்கும் வாய்ப்பு 3.9 மடங்கு. 95% நம்பக இடைவெளி 1.8இலிருந்து 8.7 வரை.

வயது, பிறந்த எடை, சமூக நிலை, தாயின் படிப்பு, குடும்ப வருமானம் எல்லாவற்றையும் ரிக்ரெஷனில் சேர்த்த பிறகு வந்த எண் இது.

ஆனால் தாய் புகைப்பவரா என்பது அந்தப் பட்டியலில் இல்லை. புகைக்கும் தாய்மார் தாய்ப்பால் தருவது குறைவாக இருக்கலாம். வீட்டில் புகை இருந்தால் குழந்தைக்கு நிமோனியாவும் வரலாம். அசல் மூணாவது ஆள்!

12/
கணக்குப் போடுவோம்.

3.9 × 2.9 = 11.31. அதன் வர்க்கமூலம் 3.36. அதோடு 3.9 கூட்டினால் 7.26.

அதாவது, டப்பா பால் வீடுகளில் புகை 7 மடங்குக்கு மேல் அதிகமாக இருக்க வேண்டும். அந்தப் புகை குழந்தை இறக்கும் வாய்ப்பையும் 7 மடங்குக்கு மேல் கூட்ட வேண்டும். அதுவும் வருமானம், படிப்பு எல்லாம் சமன் செய்த பிறகு. அப்போதுதான் “டப்பா பாலுக்கும் சாவுக்கும் சம்பந்தமே இல்லை” என்று சொல்ல முடியும்.

புகை அவ்வளவு செய்யுமா? தாராளமாகவே 3, 3 என்று கொடுத்துப் பாருங்க. 9 ÷ 5 = 1.8. 3.9ஐ 1.8ஆல் வகுத்தால் 2.17. எதிராளிக்கு அவ்வளவு விட்டுக்கொடுத்த பிறகும் இரண்டு மடங்குக்கு மேல் மிச்சம் நிற்கிறது.

13/
ஒரு எண்ணைக் குறைத்தால் மற்றது எப்படி எகிறுகிறது என்பதையும் பாருங்க.

டப்பா பால் வீடுகளில் புகை 7 மடங்கு இல்லை, 5 மடங்குதான் என்றால், புகை சாவை 14 மடங்கு கூட்ட வேண்டும்.
4 மடங்குதான் என்றால், 117 மடங்கு.
3.9க்குக் கீழே போனால் எத்தனை மடங்கு கூட்டினாலும் நடக்காது.

14/
இங்கே ஒரு குழந்தை மருத்துவர் மடக்குவார். “நீங்க புகையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. பிறவியிலேயே இதயக் கோளாறு உள்ள குழந்தையால மூச்சு வாங்காம பால் குடிக்க முடியாது. அதனாலயே டப்பாவுக்கு மாறியிருக்கும். அதுக்கு நிமோனியா வந்தா தாங்காது. அங்க 7 மடங்கெல்லாம் சாதாரணம்.”

நல்ல கேள்வி. இப்படிப் பெயர் சொல்லிக் கேட்பதுதான் சரி. போட்டுப் பார்ப்போம்.

தாய்ப்பால் குடிக்கும் 100 குழந்தைகளில் 1, டப்பா பால் குடிக்கும் 100இல் 7 என்று அப்படிப்பட்ட குழந்தைகள் இருப்பதாக வைப்போம். மற்றக் குழந்தையின் ஆபத்து 1 என்றால் இவர்களுடையது 7.

தாய்ப்பால் பக்கம்: 99 + 7 = 106.
டப்பா பக்கம்: 93 + 49 = 142.
142 ÷ 106 = 1.34.

இரண்டு பக்கமும் 7 கொடுத்தும் வந்தது 1.34 மடங்குதான்! ஏன்? அந்தக் குழந்தைகள் எண்ணிக்கையில் குறைவு. நூறில் ஏழு பேர் மொத்தக் கணக்கை 3.9 வரை இழுக்க வேண்டும் என்றால், அவர்களின் ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய 95 மடங்கு இருக்க வேண்டும்.

ஈ-வேல்யூ எப்போதும் எதிராளிக்குச் சாதகமான நிலையை வைத்துப் போடும் கணக்கு. அரிதான காரணி என்றால் அதற்கு இன்னும் எவ்வளவோ பலம் வேண்டும்.

15/
இதுவரை ஜெயித்த கதை. இனி இந்த அளவுகோல் எங்கே காலை வாரும் என்று பார்ப்போம். அதைச் சொல்லாமல் விட்டால் இந்த இழை பாதிப் பொய்.

1991இல் அமெரிக்க நர்ஸ்கள் ஆய்வு வெளிவந்தது. மாதவிடாய் நின்ற 48,470 பெண்கள், பத்தாண்டு வரை கண்காணிப்பு. எஸ்ட்ரோஜன் மாத்திரை எடுத்தவர்களுக்கு இதய நோய் 0.56 மடங்கு. அதாவது மற்றவர்களில் 100 பேருக்கு வந்தால் இவர்களில் 56 பேருக்கு. நம்பக இடைவெளி 0.40 முதல் 0.80.

ரிக்ரெஷன் எல்லாம் முறையாகச் செய்யப்பட்டது. “ஹார்மோன் மாத்திரை இதயத்தைக் காக்கும்” என்று உலகமே நம்பியது.

16/
2002இல் குலுக்கல் முறை ஆய்வு வந்தது. 16,608 பெண்கள். எஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை யாருக்கு, வெற்று மாத்திரை யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கல் மாதிரி தீர்மானித்தார்கள். குலுக்கலில் மூணாவது ஆள் இரண்டு பக்கமும் சமமாகப் பிரிந்துவிடுவான். இந்த முறையின் பலமே அதுதான்.

முடிவு? இதய நோய் குறையவில்லை. 1.29 மடங்கு கூடியது! மார்பகப் புற்றும் பக்கவாதமும் கூடின. சராசரியாக 5.2 ஆண்டிலேயே ஆய்வின் அந்தப் பகுதியை நிறுத்திவிட்டார்கள். எஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த பகுதியின் முடிவு 2004இல் வந்தது. அதிலும் இதயத்துக்குப் பாதுகாப்பு இல்லை.

17/
1991இலேயே யாராவது ஈ-வேல்யூ போட்டிருந்தால் என்ன வந்திருக்கும்?

1க்குக் கீழே உள்ள எண்ணைத் திருப்பிக்கொள்ள வேண்டும். 1 ÷ 0.56 = 1.79. ஈ-வேல்யூ ஏறக்குறைய 3. பார்க்கக் கெட்டியாகத்தான் தெரிகிறது.

ஆனால் நம்பக இடைவெளியின் பலவீனமான முனையை எடுங்கள். 1 ÷ 0.80 = 1.25. அதற்கு ஈ-வேல்யூ 1.8தான்.

பிரேசில் ஆய்விலும் அதே முனையைப் பார்க்கலாம். அங்கே 1.8. அதற்கு ஈ-வேல்யூ 3.0.

அதனால் நடுவில் உள்ள எண்ணுக்கு மட்டும் போட்டுவிட்டு “பலமான முடிவு” என்று யாராவது சொன்னால், “முனைக்குப் போட்டீங்களா?” என்று கேளுங்க.

18/
1.8 பலமுள்ள மூணாவது ஆள் அந்த நர்ஸ்களிடம் இருந்திருக்க முடியுமா? தாராளமாக.

அந்தக் காலத்தில் ஹார்மோன் மாத்திரையை யார் கேட்டு வாங்கி எடுத்தார்கள்? பெரும்பாலும் தன் உடம்பின் மேல் அக்கறை உள்ளவர்கள். உடற்பயிற்சி செய்பவர்கள், அடிக்கடி டாக்டரைப் பார்ப்பவர்கள், சொன்னதைக் கேட்பவர்கள். இவர்களுக்கு மாத்திரை இல்லாமலே மாரடைப்பு குறைவாகத்தான் வரும்.

ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சின்னதுதான். ஆனால் சின்னச் சின்ன ஆட்கள் பத்துப் பேர் கைகோத்து வந்தால் ஒரு பெரிய ஆளின் பலம் வந்துவிடும். “இந்த ஒரு காரணிக்கு அவ்வளவு பலம் இல்லையே” என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு நிம்மதியாகிவிடக் கூடாது.

19/
இன்னொன்றும் நடந்தது. அதை ஈ-வேல்யூவால் பார்க்கவே முடியாது.

மாத்திரை தொடங்கிய முதல் ஓரிரு ஆண்டில்தான் மாரடைப்பு கூடியது. ஏற்கெனவே பல வருடமாக எடுத்துக்கொண்டிருப்பவர்களைக் கணக்கில் சேர்த்தால் என்ன ஆகும்? ஆரம்பத்திலேயே பாதிக்கப்பட்டவர்கள் அந்தக் கூட்டத்தில் இருக்க மாட்டார்கள். தாக்குப்பிடித்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு மாத்திரை நல்லது என்கிறோம். பின்னாளில் அதே நர்ஸ்கள் தரவை, மாத்திரை தொடங்கிய நாளிலிருந்து எண்ணும்படி மறுபடி அலசியபோது, குலுக்கல் ஆய்வோடு இருந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி மறைந்தது.

இது மூணாவது ஆள் செய்த தப்பு அல்ல, எண்ணத் தொடங்கிய நாளில் வந்த தப்பு. ஈ-வேல்யூ மூணாவது ஆளைப் பற்றி மட்டும்தான் பேசும். தவறாக அளந்தது, தவறான ஆட்களை எடுத்தது பற்றியெல்லாம் அது வாயைத் திறக்காது.

20/
சரி, இது உங்களுக்கு எங்கே உதவும்?

வாரத்துக்கு ஒரு முறை ஃபார்வர்டு வரும். “இதைச் சாப்பிட்டால் மாரடைப்பு 20% அதிகம்.” அப்படியென்றால் 1.2 மடங்கு. ஈ-வேல்யூ 1.2 + √0.24 = 1.69.

வருமானம், தூக்கம், நடை, மருத்துவரை எட்டும் வசதி. இதில் எதை ஆய்வாளர் கேட்காமல் விட்டிருந்தாலும் 1.69ஐத் தொட்டுவிட முடியும். அதற்காக அந்தச் செய்தி பொய் என்று அர்த்தமில்லை. அந்த ஒரு ஆய்வை மட்டும் நம்பிச் சமையலறையை மாற்ற வேண்டியதில்லை என்று அர்த்தம்.

21/
7 பெரியதா, 1.7 சின்னதா என்பதற்குப் பொதுவான கோடு எதுவும் கிடையாது. அந்தந்த ஆய்வுக்குள்ளேயே ஒப்பிட வேண்டும். அளந்த காரணிகளிலேயே பலமானது எது, வருமானமா வயதா, அதன் பலம் எவ்வளவு என்று பாருங்கள். அளக்காத ஆள் அதைவிடப் பல மடங்கு பலசாலியாக இருந்தால்தான் முடிவு கவிழும் என்றால் ஓரளவு நம்பலாம். அதில் பாதி பலம் இருந்தாலே கவிழும் என்றால் குலுக்கல் ஆய்வு வரும்வரை பொறுப்போம்.

22/
ஓபியில் கேட்கும் அந்த அண்ணனுக்கு இப்போது நான் சொல்வது இதுதான்:

“வேற காரணமும் இருக்கலாம்ணே, இல்லைன்னு சொல்லல. உங்க பரம்பரையில அந்த ஜீன் கூட இருக்கலாம். ஆனா சிகரெட்டையே எடுத்துக்கிட்டா, அதோட பங்கை மறைக்கணும்னா அந்தக் காரணம் ஒன்பது ஆள் பலத்தோட வரணும். அறுபது வருஷத்துக்கும் மேல தேடுறாங்க. கிடைச்ச ஆளுக்கு ரெண்டு ஆள் பலம் கூட இல்ல.”

டப்பா பால் கேட்கும் பாட்டிகளுக்கும் இதே கணக்குத்தான். பச்சிளம் குழந்தைக்குத் தாய்ப்பால் சுரக்கும் வரை பொறுங்க என்று நாங்கள் மல்லுக்கட்டுவதற்குப் பின்னால் இருப்பது வெறும் அறிவுரை இல்லை. 7.26 என்று ஒரு எண்ணும் இருக்கிறது.

அடுத்த முறை யாராவது “வேற காரணமா இருக்கலாமே” என்றால், சண்டை போடாதீங்க. “இருக்கலாம், எவ்வளவு பலமான காரணம்?” என்று மட்டும் கேளுங்க.

சந்தேகம் இருந்தால் கீழே எழுதுங்க. டூட்டி முடிந்ததும் பதில் சொல்கிறேன்.